விலகியவரின் சாவியும் விடியற்காலைப் பணியும்

பணியாளர் ஒருவர் நிறுவனத்தை விட்டு விலகும்போது அவருடைய அடையாள அட்டை அன்று மாலையே வாங்கப்படுகிறது. மின்னஞ்சல் கணக்கு நள்ளிரவுக்குள் மூடப்படுகிறது. சர்வர்களில் இருக்கும் அவருடைய எஸ்எஸ்எச் சாவி மட்டும் மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், அப்படியே கிடக்கிறது. இதற்குக் காரணம் மறதி என்று பலரும் கருதுகின்றனர். பெரும்பாலும் காரணம் அச்சம். அந்தச் சாவியை எடுத்தால் இரவில் தானாக ஓடும் ஏதோ ஒரு வெளியீட்டுப் பணி நின்றுவிடும். எந்தப் பணி என்று யாருக்கும் தெரியாது. ஆகவே எவரும் அதைத் தொடுவதில்லை. இந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அதற்கு மருந்து சாவியை விட்டுவைப்பது அன்று. எந்தச் சாவி எந்தப் பணியைச் செய்கிறது என்பதை அறிந்துகொள்வதேயாகும்.

விட்டுவைப்பதன் விலையைச் சிங்கப்பூர் நீதிமன்றம் 2024 ஜூன் மாதத்தில் வழங்கிய தீர்ப்பொன்று காட்டுகிறது. என்சிஎஸ் என்னும் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்திலிருந்து 2022 நவம்பரில் பணி முடிந்து வெளியேறிய ஒருவர், 2023 ஜனவரியில் இந்தியாவிலிருந்தே அந்நிறுவனத்தின் சோதனை அமைப்புக்குள் நிர்வாகிக் கணக்கின் வழியாக நுழைந்தார். மார்ச் 18, 19 ஆகிய நாள்களில் அவர் எழுதிய நிரல் 180 மெய்நிகர் சர்வர்களை ஒவ்வொன்றாக அழித்தது. இழப்பு சுமார் 9.18 லட்சம் சிங்கப்பூர் டாலர். அவருக்கு இரண்டு ஆண்டு எட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் நுழைந்தது தம் பெயரிலான கணக்கின் வழியாக அன்று. அவர் பெயரை எங்கெங்கு தேடி நீக்கியிருந்தாலும் அந்தக் கதவு திறந்தே இருந்திருக்கும்.

கல்வித்துறையினர் இது வணிக நிறுவனங்களின் சிக்கல் என்று ஒதுங்கிவிட முடியாது. 2020 மே 11 அன்று எடின்பரோவில் இயங்கிய ஆர்ச்சர் என்னும் பிரிட்டனின் தேசிய மீத்திறன் கணினி மூடப்பட்டது. ஐரோப்பாவின் வேறு பல மீத்திறன் கணினிகளும் அதே வாரத்தில் மூடப்பட்டன. ஆய்வாளர்களின் எஸ்எஸ்எச் சான்றுகள் களவாடப்பட்டு, ஒரு மையத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவ அவை பயன்பட்டிருந்தன. ஆர்ச்சர் திரும்பத் திறந்தபோது பழைய கடவுச்சொல்லும் பழைய சாவியும் எவருக்கும் செல்லுபடியாகவில்லை. தனித்தனியே கணக்கு வைக்கப்படாத சாவிகளை நெருக்கடி நாளில் மொத்தமாகத்தான் தூக்கி எறிய முடியும்.

இங்கே ஓர் அடிப்படைச் செய்தியைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். `authorized_keys` கோப்பின் ஒவ்வொரு வரியும் ஒரு பொதுச் சாவி. வரியின் இறுதியில் `jenkins@build` என்பது போல ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பைச் சர்வர் நுழைவுக்குச் சான்றாகக் கொள்வதே இல்லை. சாவியை உருவாக்கிய கணினியின் பயனர் பெயரையும் கணினிப் பெயரையும் `ssh-keygen` தானாக ஒட்டிவைத்த சீட்டு அது. அதை யாரும் எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். எனவே கோப்பைத் திறந்து, விலகியவரின் பெயருள்ள வரிகளைத் தேடி அழிப்பது தணிக்கை ஆகாது. அவ்வாறு செய்பவர் இரண்டு பிழைகளை ஒருங்கே செய்யக்கூடும்: அவர் பெயர் தாங்கிய, ஆனால் ஒரு பணியை ஓட்டிக்கொண்டிருக்கும் சாவியை அழிப்பார், இயந்திரத்தின் பெயர் தாங்கிய, ஆனால் அவர் கையில் நகல் இருக்கும் சாவியை விட்டுவைப்பார்.

புனேயின் மகர்பட்டா சைபர்சிட்டியில் இயங்கும் ஒரு சிறு மென்பொருள் குழுவை எடுத்துக்காட்டாகக் கொள்வோர்க்கு இது விளங்கும். குழுவில் அறுவர். அவர்களுள் மூத்தவர் செப்டம்பர் 30 அன்று விலகுகிறார். அங்குள்ள நிறுவனங்களில் வழக்கமான இரண்டு மூன்று மாத முன்னறிவிப்புக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு சர்வர்களிலும் `deploy` என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. வெளியீடுகள் எல்லாம் அதன் வழியே நடக்கின்றன. அந்தக் கணக்கின் சாவிக் கோப்பில் ஒன்பது வரிகள் இருக்கின்றன.

முதற்கேள்வி, சாவிகள் அந்தக் கோப்பிலிருந்து மட்டுந்தான் படிக்கப்படுகின்றனவா என்பது. சில சர்வர்களில் இரண்டாவது கோப்பு ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் ஒரு கட்டளை வெளியிலிருந்து சாவிகளைக் கொண்டுவரும். இதை ஊகிக்க வேண்டியதில்லை, சர்வரையே கேட்கலாம். அடுத்து, ஒன்பது வரிகளுக்கும் விரல்ரேகை எடுக்க வேண்டும்.

```
sudo sshd -T | grep -Ei 'authorizedkeys|trustedusercakeys|revokedkeys'
sudo ssh-keygen -lf /home/deploy/.ssh/authorized_keys
```

விரல்ரேகை என்பது சாவியிலிருந்து கணக்கிடப்படும் `SHA256:` என்று தொடங்கும் குறுஞ்சரம். குறிப்பை மாற்றினாலும் அது மாறாது. சாவியின் உண்மையான பெயர் அதுவே. குழுவின் அறுவரும் தத்தம் கணினியில் உள்ள பொதுச் சாவிகளின் விரல்ரேகைகளைக் கொடுத்தால், ஒன்பதில் ஆறு வரிகள் உரியவரோடு பொருந்திவிடுகின்றன. விலகுபவரின் இப்போதைய மடிக்கணினிச் சாவி அந்த ஆறில் ஒன்று. மீதம் மூன்று: `jenkins@build` என்ற குறிப்புடன் ஒன்று, விலகுபவரின் பழைய மடிக்கணினியின் பெயரோடு ஒன்று, குறிப்பே இல்லாதது ஒன்று.

இந்த மூன்றும் என்ன செய்கின்றன என்பதை மனிதர்களின் நினைவைக் கொண்டு அறிய முடியாது. ஒவ்வொரு வெற்றிகரமான நுழைவிலும் சர்வர் தன் லாக் பதிவில் கணக்கின் பெயர், வந்த ஐபி முகவரி, விரல்ரேகை ஆகிய மூன்றையும் எழுதுகிறது.

```
Accepted publickey for deploy from 10.20.4.17 port 51514 ssh2: ED25519 SHA256:...
```

எத்தனை நாள் லாக்கைப் பார்ப்பது என்பதில்தான் பெரும்பாலான தணிக்கைகள் தவறுகின்றன. ஒரு வாரம் பார்த்தால் நாள்தோறும் ஓடும் பணிகள் தெரியும். ஒரு மாதம் பார்த்தால் மாதாந்தரப் பணிகளும் தெரியும். காலாண்டுக்கு ஒருமுறை ஓடும் பணி தெரியாது. சிஇஆர்டி-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. பலரும் இதை ஒரு சுமையாகவே பார்க்கின்றனர். உண்மையில் சாவித் தணிக்கைக்கு அது கிடைத்தற்கரிய வசதி: 180 நாள்களுக்குள் ஏறத்தாழ இரண்டு காலாண்டுகள் அடங்கிவிடுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை ஓடும் பணி மட்டுமே இந்த வலைக்குத் தப்பும். அதற்குப் பணி அட்டவணைகளைத் தனியே பார்க்கத்தான் வேண்டும்.

மகர்பட்டா எடுத்துக்காட்டில் செப்டம்பர் 20 அன்று 180 நாள் லாக்கைப் புரட்டினால் காட்சி மாறுகிறது. குறிப்பில்லாத சாவி ஒருமுறைகூடப் பயன்படவில்லை. `jenkins@build` ஒரே முகவரியிலிருந்து நாளுக்குப் பலமுறை வந்திருக்கிறது. இறந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்த பழைய மடிக்கணினிச் சாவி, அறிக்கைச் சர்வரின் முகவரியிலிருந்து இரண்டே முறை வந்திருக்கிறது: ஏப்ரல் 1 விடியற்காலை ஐந்து மணிக்கும் ஜூலை 1 விடியற்காலை ஐந்து மணிக்கும். யாரோ ஒரு காலத்தில் காலாண்டு அறிக்கை வார்ப்புகளை வெளியிடும் பணியில் அவசரத்துக்குத் தம் சொந்தச் சாவியை வைத்திருக்கிறார். அடுத்த முறை அது ஓடப்போவது அக்டோபர் 1. அவர் விலகிய மறுநாள் விடியற்காலை.

இந்த நிலையில் செப்டம்பர் 30 மாலை பெயர் பார்த்து வரிகளை அழித்தால் நடக்கப்போவது எளிதில் கணிக்கக்கூடியது. காலை ஐந்து மணிக்குப் பணி முறியும். ஒன்பது மணிக்கு வாடிக்கையாளர் கேட்பார். பத்து மணிக்குக் குழுவில் ஒருவர் அழித்த வரியைத் திரும்பச் சேர்ப்பார். அந்த வரி அதன்பின் என்றென்றும் அங்கேயே இருக்கும், ‘தொடக்கூடாதது’ என்ற புதிய மதிப்போடு. முறையற்ற நீக்கம் பாதுகாப்பைக் கூட்டுவதில்லை; அடுத்த நீக்கத்துக்கு எதிரான அச்சத்தையே வளர்க்கிறது.

`jenkins@build` சாவியும் தப்பவில்லை. அது இயந்திரத்துக்குரியதுதான். ஆனால் அதை உருவாக்கியது யார், எங்கே? பெரும்பாலான சிறு குழுக்களில் விடை ஒன்றே: விலகுபவர், தம் மடிக்கணினியில், பிறகு ஜென்கின்ஸில் ஒட்டினார். அதன் தனிப்பாதி இன்னும் அவர் கணினியில், அவருடைய காப்பு நகல்களில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இல்லை என்று எவராலும் நிறுவ முடியாது. ஆகவே தணிக்கையில் கேட்க வேண்டியது ‘இது யாருடைய சாவி’ என்பதன்று, ‘இதன் தனிப்பாதி யார் கைக்கு எட்டியது’ என்பதே. என்சிஎஸ் வழக்கு கற்பிக்கும் பாடமும் அதுதான். கைக்கு எட்டிய ஒவ்வொரு சாவியும் புதிதாக்கப்பட வேண்டும்.

புதிதாக்குவதில் வரிசைமுறை முக்கியம். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது இயல்பாகத் தோன்றலாம். செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிரானது. ஒரு கணக்கில் எத்தனை சாவியும் இருக்கலாம் என்பதால் புதிய சாவியை முதலில் சேர்க்கலாம். ஒரு பணிக்கு ஒரு சாவி. அதன் தனிப்பாதி அந்தப் பணி ஓடும் இயந்திரத்திலேயே பிறந்து அங்கேயே இருக்க வேண்டும். அந்தச் சாவி என்ன செய்யலாம், எங்கிருந்து வரலாம் என்ற வரம்பையும் அதே வரியில் எழுதலாம்.

```
restrict,from="10.20.4.22",command="/usr/local/bin/push-reports" ssh-ed25519 AAAA... job-reports-quarterly
```

`command=` வரம்பு இட்டபின் அந்தச் சாவியால் வேறெந்தக் கட்டளையையும் ஓட்ட முடியாது. கேட்டது எதுவானாலும் குறித்த நிரலே ஓடும். கோப்புகளை `rsync` அல்லது `scp` மூலம் அனுப்பும் பணிகள் இதனால் முறியும். அவற்றில் கேட்கப்பட்ட கட்டளையை அந்த நிரல் `SSH_ORIGINAL_COMMAND` என்னும் மாறியிலிருந்து படித்து, ஏற்கத்தக்கதா என்று பார்த்து அனுமதிக்க வேண்டும். அதற்கு நேரமில்லாவிடில் `from=` வரம்பை மட்டுமாவது இடுவது வரம்பே இல்லாததைவிட எவ்வளவோ மேல்.

சேர்த்தபின் பணியைக் கையால் ஓட்டிப் பார்க்க வேண்டும். அக்டோபர் 1 வரை காத்திருப்பது சோதனை ஆகாது. பணி வெற்றி பெற்றது என்பது மட்டும் சான்றன்று. எஸ்எஸ்எச் நிரல் தன்னிடம் உள்ள சாவிகளை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்க்கும் இயல்புடையது, ஆகவே பழைய சாவியைக் கொண்டே அது வென்றிருக்கக்கூடும். லாக்கில் புதிய விரல்ரேகை தோன்றியதா என்று பார்ப்பதே சான்று. இவ்வேலை விலகுபவர் இன்னும் அலுவலகத்தில் இருக்கும் நாள்களிலேயே முடிய வேண்டும். அந்தப் பணி ஏன் அப்படி அமைக்கப்பட்டது என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். முன்னறிவிப்புக் காலத்தின் மெய்யான பயன் இங்கேதான் இருக்கிறது.

இறுதி நாளன்றுகூட வரிகளை உடனே அழிக்க வேண்டியதில்லை. அழிக்காமலே முடக்குவது நல்லது. ஓப்பன்எஸ்எஸ்எச்சில் `RevokedKeys` என்று ஓர் அமைப்பு உண்டு. முடக்க வேண்டிய பொதுச் சாவிகளை ஒரு கோப்பில் இட்டு, `sshd_config` கோப்பில் அதைக் குறிப்பிட்டுவிட்டால், அந்தச் சர்வரின் எந்தக் கணக்கிலும், எந்த மூலையில் அது எழுதப்பட்டிருந்தாலும், அந்தச் சாவி செல்லாது.

```
RevokedKeys /etc/ssh/revoked_keys
```

இதில் இரண்டு நன்மைகள் உள்ளன. முதலாவது, ஏதேனும் முறிந்தால் ஒரு வரியை எடுத்துச் சில நொடிகளில் பழைய நிலைக்குத் திரும்பலாம். இரண்டாவது இன்னும் பெரியது. அழிக்கப்பட்ட சாவியோடு ஒரு மறந்துபோன பணி வந்து தட்டினால், வழக்கமான லாக் அளவில் எந்தச் சாவி தட்டியது என்பதே பெரும்பாலும் பதிவாகாது. முடக்கப்பட்ட சாவியோடு தட்டினால் பின்வருமாறு பதிவாகும்:

```
Authentication key ED25519 SHA256:... revoked by file /etc/ssh/revoked_keys
```

எனவே அக்டோபர் மாதம் முழுவதும் இந்த ஒரு வரிக்காக லாக்கைக் கவனித்தால் போதும். தப்பிய பணி எதுவானாலும் தானே வந்து தன்னை அறிவித்துக்கொள்ளும். பணி அல்லாத ஒன்று வந்து தட்டினாலும் அதுவும் தெரியும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்தக் கோப்பு குறிப்பிடப்பட்டு, ஆனால் படிக்க முடியாத நிலையில் இருந்தால், சர்வர் எவருடைய சாவியையும் ஏற்காது. கோப்பை முதலில் உருவாக்கி, உரிமைகளைச் சரிபார்த்து, அதன்பின் அமைப்பில் குறிப்பிட்டு, ஏற்கெனவே திறந்துள்ள ஓர் அமர்வை மூடாமல் வைத்துக்கொண்டே மறுஏற்றம் செய்ய வேண்டும். இது சர்வருக்குச் சர்வர் தனித்தனியே செய்ய வேண்டியது என்பதும் நினைவில் இருக்கட்டும். ஆறில் ஐந்தில் மட்டும் செய்தால் ஆறாவது திறந்தே கிடக்கும்.

முடக்கம் புதிய நுழைவுகளைத்தான் தடுக்கும். திறந்திருக்கும் அமர்வை அறுக்காது. நேற்று நுழைந்தவர் இன்றும் உள்ளே இருக்கலாம். பொதுக் கணக்கில் எந்த அமர்வு யாருடையது என்பதை லாக்கில் `Accepted` வரியோடு உள்ள செயல் எண்ணைக் கொண்டு அறிந்து, அதை மட்டும் நிறுத்த வேண்டும். அதேபோல் விலகியவருக்குத் தனிக் கணக்கு இருந்தால், `passwd -l` கட்டளையோடு நின்றுவிடக் கூடாது. அது கடவுச்சொல்லைப் பூட்டுகிறது. வழக்கமான லினக்ஸ் அமைப்பில் சாவி வழி நுழைவு அப்படியே இருக்கிறது. மாறாக, கணக்கையே காலாவதியாக்கினால் நுழைவு நிற்கும். அந்தக் கணக்கின் கிரான் பணிகளும் கூடவே நிற்கும். முன்னதாக அந்த அட்டவணையைப் பொதுக் கணக்குக்கு மாற்றியிருக்க வேண்டும்.

அக்டோபர் 1 விடியற்காலைப் பணி புதிய விரல்ரேகையோடு ஓடி, அந்த மாதமும் அமைதியாகக் கழிந்தபின், பழைய வரிகளை மெய்யாகவே அழிக்கலாம். சர்வரில் கையால் அழிப்பதோடு நில்லாமல், சாவிகளைப் பரப்பும் மூலத்திலும் அழிக்க வேண்டும். இல்லாவிடில் அடுத்த ஓட்டத்தில் அவை திரும்பி வரும். இதன் மறுபக்கமும் உண்டு. ஆன்சிபிளின் `authorized_key` கூறு இயல்பாகச் சாவியைச் சேர்க்கும். பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்ததற்காகச் சர்வரில் அதை நீக்காது. `state: absent` என்று வெளிப்படையாகச் சொன்னால் நீக்கும். ‘பட்டியலில் எடுத்துவிட்டோம்’ என்று நிம்மதியடைந்த பல குழுக்களின் சர்வர்களில் அந்தச் சாவி இன்றும் உயிரோடு இருக்கும்.

இவ்வளவும் எதற்கு, விலகியவர் நல்லவராயிற்றே என்பது வழக்கமாக எழும் மறுப்பு. அவர் நல்லவர் என்பதாலேயே இது வேண்டும். லாக்கில் பதிவாவது விரல்ரேகை. அந்தச் சாவியைப் பிடித்திருந்த கை எது என்பது அங்கே இராது. விலகிய ஓராண்டுக்குப்பின் அவருடைய பழைய மடிக்கணினி திருடுபோய், அதிலிருந்த சாவியால் ஒருவர் நுழைந்து தரவை அழித்தால், விசாரணை முதலில் வந்து நிற்பது அவர் வாசலில்தான். தாம் நுழையவில்லை என்பதை அவர் எதைக் கொண்டு நிறுவுவார்? நுழைவுரிமையை உரிய நாளில் முடக்குவது அவர்மீது ஐயம் கொள்வதன்று. அந்நாளுக்குப்பின் நிகழும் எதற்கும் அவர் பொறுப்பல்லர் என்று நிறுவனம் அவருக்கு எழுதிக்கொடுக்கும் சான்று. முனைவர் பட்டம் முடித்து ஆய்வகத்தை விட்டுச் செல்லும் மாணவருக்கும் இதே கடன் உண்டு. அவர் சாவியில் இரவுதோறும் தரவு நகர்ந்துகொண்டிருக்கும் ஆய்வகங்கள் குறைவல்ல.

மனிதரின் சாவியை இயந்திரத்தின் பணியில் வைத்த அந்த ஒரு நாளில்தான் சிக்கல் பிறந்தது. விலகல் நாளில் அது வெளிப்பட்டது, அவ்வளவே. ஒரு பணிக்கு ஒரு சாவி என்ற ஒழுங்கு இருந்த குழுவில் செப்டம்பர் 30 மாலைக்குரிய வேலை ஒரே ஒரு வரி. அந்த ஒழுங்கு இல்லாத குழுவுக்கு முன்னறிவிப்புக் காலம் முழுவதும் வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் சாவியை விட்டுவைக்கும் குழு, அடுத்த விலகலுக்கு இன்னொரு ‘தொடக்கூடாத’ வரியைச் சேர்த்துவைக்கிறது.